ஒரே கணினி, ஐந்து கணக்குகள்: பிள்ளைகளுக்கான எல்லையை எங்கிருந்து தொடங்குவது

வீட்டுக் கணினியில் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வைக்க வேண்டும் என்று தோன்றியதும் பெரும்பாலான பெற்றோர் முதலில் தேடுவது, தகாத தளங்களைத் தடுக்கும் ஏதாவது ஒரு செயலியைத்தான். என்னிடம் ஆலோசனை கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது வேறொன்று: உங்கள் பிள்ளை எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறாள், அந்தக் கணக்குக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே விடைதான் வரும். கணினியை வாங்கிய அன்று கடைக்காரரோ குடும்பத்தில் ஒருவரோ உருவாக்கிய ஒற்றைக் கணக்கில்தான் எல்லோரும் நுழைகிறார்கள். விண்டோஸில் முதலில் உருவாக்கப்படும் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே அமைகிறது. நிர்வாகி அதிகாரம் உள்ள ஒருவர், தன்மீது வைக்கப்பட்ட எந்தத் தடையையும் தானே நீக்கிவிட முடியும். ஆகவே அதிகாரத்தைப் பிரிக்காமல் வைக்கப்படும் தடைகள் எல்லாம், பிள்ளைக்கு அவற்றை நீக்கும் வழி தெரியாத வரைக்கும்தான் நிற்கும்.

இந்தக் கட்டுரையில் எங்கள் வீட்டு அமைப்பையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கூடத்தில் இருக்கும் ஒரே மேசைக் கணினியில் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இருக்கிறது. அதை நானும் என் கணவரும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனும் பயன்படுத்துகிறோம். முன்பிருந்த ஒரே கணக்கில் என் வேலைக் கோப்புகள், வங்கிக் கணக்குகளுக்காக உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், பிள்ளைகளின் விளையாட்டுகள் என எல்லாம் கலந்து கிடந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குரோம் உலாவியில் ஆளுக்கொரு சுயவிவரம் உருவாக்கிக்கொள்ளலாம்; பலரும் அதையே பிரிவினை என்று எண்ணிவிடுகிறார்கள். அது புத்தகக்குறிகளும் வரலாறும் கலக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டுமே. மேல் மூலையில் உள்ள படத்தைச் சொடுக்கினால் அம்மாவின் சுயவிவரம் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்துகொள்ளும். உண்மையான சுவர் விண்டோஸ் கணக்குகளுக்கு இடையில்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை, தனி அமைப்புகள், தனிக் கடவுச்சொல் உண்டு. ஒருவர் கோப்புறையை இன்னொரு சாதாரணக் கணக்கு திறக்க முயன்றால் இயங்குதளமே மறுத்துவிடும்.

நான்கு பேருக்கு நாங்கள் ஐந்து கணக்குகள் வைத்திருக்கிறோம். ஐந்தாவது, நாள்தோறும் யாரும் பயன்படுத்தாத நிர்வாகிக் கணக்கு. நானும் என் கணவரும்கூடச் சாதாரணக் கணக்கில்தான் வேலை செய்கிறோம். இது பலருக்கு மிகையாகத் தோன்றுகிறது. ஆனால், சமையலறையில் பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடும்போது என் கணக்கு திறந்தபடியே இருக்கக்கூடும். அது நிர்வாகிக் கணக்காக இருந்தால், அந்த இடைவெளியில் Yes என்ற ஒரே பொத்தானை அழுத்தி எதையும் நிறுவிவிடலாம். சாதாரணக் கணக்காக இருந்தால் அப்போதும் நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படும். என் கோப்புகள் அந்நேரம் வெளிப்பட்டுக் கிடக்கும் என்பது உண்மைதான். அதற்கு விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திப் பூட்டிவிட்டு எழும் பழக்கம் ஒன்றுதான் மருந்து.

பழைய கணக்கில் எல்லாம் இருப்பதால் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. புதிய நிர்வாகி ஒன்றை உருவாக்கிவிட்டு, பழையதைச் சாதாரணக் கணக்காக இறக்கிவிட்டால் போதும்; அதிலுள்ள கோப்புகளும் அமைப்புகளும் அப்படியே இருக்கும். பழைய கணக்கில் இருந்தபடியே Command Prompt எனப்படும் கட்டளைச் சாளரத்தை Run as administrator என்ற தேர்வின் மூலம் திறந்து, இந்த மூன்று வரிகளை இட்டேன்:

```
net user Veedu * /add
net localgroup Administrators Veedu /add
net accounts /maxpwage:unlimited
```

முதல் வரியில் உள்ள நட்சத்திரக் குறி, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்படி கேட்கும். தட்டச்சு செய்யும் எழுத்துகள் திரையில் தெரியாது. இரண்டாம் வரி அக்கணக்கை நிர்வாகிகள் குழுவில் சேர்க்கிறது. மூன்றாம் வரி ஏன் என்று பலர் கேட்பதுண்டு. இந்தக் கட்டளை வழியாக உருவாகும் கணக்கின் கடவுச்சொல், இயல்பிருப்பாக 42 நாட்களில் காலாவதியாகிவிடும். நாள்தோறும் நுழையும் கணக்கு என்றால் புதிய கடவுச்சொல் வைக்கும்படி கேட்கும், வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் நுழையாத நிர்வாகிக் கணக்கிலோ, என்றோ ஒருநாள் எதையாவது நிறுவ முயலும்போது கடவுச்சொல் ஏற்கப்படாமல் போகும்; காரணமும் சட்டென்று விளங்காது. மூன்றாம் வரி அந்தக் கால வரம்பை நீக்குகிறது.

Settings பக்கத்தின் வழியாகவும் இதே கணக்கை உருவாக்கலாம் என்றாலும், நிர்வாகிக் கணக்குக்கு நான் அந்த வழியைத் தவிர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அவ்வழியில் உள்ளகக் கணக்கு ஒன்றை, அதாவது இந்தக் கணினிக்குள் மட்டுமே இருக்கும் கணக்கை, உருவாக்கும்போது, கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்காக மூன்று கேள்விகளுக்கு விடை பதியச் சொல்லும். நீங்கள் பிறந்த ஊர் எது, சிறுவயதுச் செல்லப்பெயர் என்ன, முதலில் வளர்த்த செல்லப்பிராணியின் பெயர் என்ன, முதலில் படித்த பள்ளி எது என்பவை அந்தக் கேள்விகளுள் சில. வெளியாரிடமிருந்து காப்பதற்கு இவை ஓரளவு உதவலாம். ஆனால் நாம் யாரிடமிருந்து நிர்வாகிக் கணக்கைக் காக்க நினைக்கிறோமோ அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவின் பிறந்த ஊரும் பள்ளியும் செல்லப்பெயரும் நம்மைவிட நன்றாகத் தெரியும்; பாட்டி சொல்லியிருப்பார். தவறான கடவுச்சொல்லை ஒருமுறை இட்டாலே மீட்டமைக்கும் இணைப்பு திரையில் தோன்றிவிடும், மூன்று விடைகளையும் கொடுத்தால் புதிய கடவுச்சொல்லை வைத்துவிடலாம். ஏற்கெனவே அப்படி உருவாக்கியிருந்தால், அந்தக் கணக்கில் நுழைந்து விடைகளைக் கேள்விகளுக்குத் தொடர்பே இல்லாத சொற்றொடர்களாக மாற்றிவிடுவது நல்லது. நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம்: அனுமதி கேட்கும் பெட்டியில் எதையும் இடாமல் சம்மதம் கொடுத்தாலே வேலை முடிந்துவிடும்.

அடுத்த படியின் வரிசை முக்கியமானது. பழைய கணக்கிலிருந்து வெளியேறி, புதிய Veedu கணக்கில் ஒருமுறை நுழைந்து, அது உண்மையில் வேலை செய்கிறதா, கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பழையதை இறக்க வேண்டும். Settings பகுதியில் Accounts, அதற்குள் Other users என்று சென்றால் பழைய கணக்கு அங்கே தெரியும். Change account type என்பதைச் சொடுக்கி Standard User என மாற்றினேன். என் கணவருக்கும் ஒரு சாதாரணக் கணக்கு உருவாக்கினோம். நிர்வாகிக் கடவுச்சொல்லை நாங்கள் இருவரும் மட்டும் அறிவோம். அது ஒரு தாளிலும் எழுதப்பட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்குக்கு இன்னும் நிர்வாகி அதிகாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறிய, அந்தக் கணக்கில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தைச் சாதாரணமாகத் திறந்து இந்த வரியை இட்டுப் பாருங்கள்:

```
whoami /groups | find "S-1-5-32-544"
```

அந்த நீண்ட எண் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் நிர்வாகிகள் குழுவைக் குறிப்பது. விடையாக ஒரு வரி வந்தால் அக்கணக்கு நிர்வாகியே. எதுவும் வராமல் அடுத்த வரிக்குப் போய்விட்டால் அது சாதாரணக் கணக்கு. கணக்கு வகையை மாற்றியபோது அந்தப் பயனர் பின்னணியில் நுழைந்த நிலையிலேயே இருந்திருந்தால் பழைய அதிகாரம் அவர் வெளியேறும் வரை தொடரும் என்பதால், முழுமையாக வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே சோதிக்க வேண்டும்.

இனிப் பிள்ளைகள். இங்கே எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. சிறியவனுக்குத் தேவையானது வேலி போட்ட சிறிய முற்றம். பெரியவளுக்குத் தேவையானது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்த சில விதிகள். அதனால் இருவருக்கும் இரண்டு விதமான கணக்குகளைத் தேர்ந்தோம்.

மகனுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றை அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு உருவாக்கி, என் குடும்பக் குழுவில் சேர்த்தேன். பிள்ளைகளின் கணினி நேரத்தையும் தளங்களையும் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி வசதி இத்தகைய கணக்குகளுக்கு மட்டுமே வேலை செய்யும். கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளகக் கணக்கை அது கண்காணிக்காது. பெற்றோருக்கும் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், ஆனால் அது அந்தக் கணினியில் இருக்க வேண்டியதில்லை. family.microsoft.com என்ற தளத்தின் வழியாகவோ கைப்பேசிச் செயலியின் வழியாகவோ எல்லாவற்றையும் நடத்தலாம். அவன் கணக்கில் பள்ளி நாட்களில் மாலை ஒரு மணி நேரம், வார இறுதியில் இரண்டு மணி நேரம் என்றும், அதுவும் குறிப்பிட்ட நேர இடைவெளிக்குள் மட்டும் என்றும் வைத்திருக்கிறோம். நேரம் முடியப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டு அவன் கணக்கு பூட்டிக்கொள்ளும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அவன் அங்கிருந்தே கேட்கலாம். அந்தக் கோரிக்கை என் கைப்பேசிக்கு வரும். புதிதாக நாம் மாற்றும் விதிகள் இணையம் வழியாகத்தான் கணினியை அடைகின்றன என்பதால், இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் பழைய விதியே நீடிக்கும். மாற்றியும் பலிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் இணைப்பைப் பாருங்கள்.

தளங்களைப் பொறுத்தவரை, தகாதவற்றை மட்டும் தடுப்பது ஒரு வழி, அனுமதித்தவற்றை மட்டும் திறக்க விடுவது இன்னொரு வழி. எட்டு வயதுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். தடுப்புப் பட்டியல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நேற்று முளைத்த தளம் அதில் இருக்காது. அனுமதிப் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு தளங்கள் இருந்தால் அந்த வயதுக்குப் போதும். இதில் ஒரு முக்கிய வரம்பு உண்டு: இந்த வடிகட்டல் எட்ஜ் உலாவியில் மட்டுமே நடக்கிறது. அதனால் வடிகட்டலை இயக்கியதும் மற்ற பரவலான உலாவிகளை அவ்வசதி அந்தக் கணக்கில் தடுத்துவிடுகிறது. ‘குரோம் திடீரென்று திறக்கவில்லை, கணினி கெட்டுப்போய்விட்டது’ என்று பிள்ளை சொன்னால் அது பழுது அல்ல. வடிகட்டல் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

மகளுக்கு நாங்கள் உள்ளகக் கணக்கைத்தான் தேர்ந்தோம். அவள் எந்தத் தளத்தைப் பார்த்தாள் என்று வாரந்தோறும் ஓர் அறிக்கை எனக்கு வருவதை நான் விரும்பவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, அம்மாவிடம் கேட்கத் தயங்கும் சில கேள்விகளைத் தேடிப் படிக்க இடம் வேண்டும். இதில் மாறுபட்ட கருத்துள்ள பெற்றோர் இருப்பார்கள். அவர்கள் மகனுக்குச் செய்த முறையையே மகளுக்கும் செய்யலாம். எங்கள் முடிவின்படி அவளுக்கு நுழையும் நேரம், உலாவியில் இரண்டு விதிகள், அவ்வளவுதான். மூன்றையும் அவளை அருகில் உட்கார வைத்தே அமைத்தேன்.

நேரத்துக்கு விண்டோஸிலேயே பழைய கட்டளை ஒன்று இருக்கிறது. நிர்வாகி அனுமதியோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் இதை இட வேண்டும்:

```
net user Magal * /add
net user Magal /times:M-F,17:00-21:00;Sa-Su,9:00-21:00
```

திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 மணியிலிருந்து இரவு 9 மணி வரையும், சனி ஞாயிறுகளில் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரையும் அவள் நுழையலாம் என்பது இதன் பொருள். முழு மணிகளை மட்டுமே இது ஏற்கும். ஐந்தரை என்று வைக்க முடியாது. விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் இதை அப்படியே இட்டால் நடுவில் உள்ள அரைப்புள்ளியை அது வேறு கட்டளையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும் என்பதால், பழைய கட்டளைச் சாளரத்தையே பயன்படுத்துங்கள். பிறகு `net user Magal` என்று மட்டும் இட்டால் அனுமதிக்கப்பட்ட நேரங்கள் Logon hours allowed என்ற வரியில் தெரியும். அதை வாசித்துச் சரிபார்த்ததோடு நிற்காமல், தடுக்கப்பட்ட ஒரு நேரத்தில் உண்மையிலேயே நுழைந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். `/times:` என்று எழுதி அடுத்து எதையும் குறிக்காமல் விட்டால் எந்த நேரத்திலும் நுழைய முடியாது என்று பொருளாகிவிடும். எல்லா நேரத்துக்கும் திறந்துவிட `/times:all` என்று எழுத வேண்டும்.

இந்தக் கட்டளை வாசலில் நிற்கும் காவல் மட்டுமே. 8:55க்கு உள்ளே நுழைந்தவளை 9 மணிக்கு வெளியே அனுப்பாது. மகனுக்கு இது போதாது என்பதற்கு அதுவே காரணம். மகளிடம் 9 மணிக்கு எழ வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். நள்ளிரவில் எழுந்து வந்து கணினியைத் திறப்பதை மட்டும் கட்டளை தடுக்கிறது. அந்த அளவுக்கே அதை நம்ப வேண்டும்.

கணக்கின் பெயரை ரோமன் எழுத்தில் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் வைக்கும் பெயரே C:\Users பகுதியில் கோப்புறைப் பெயராகவும் ஆகிவிடுகிறது. தமிழ் எழுத்தில் கோப்புறை இருந்தால் சில பழைய நிரல்கள் அந்தப் பாதையைப் படிக்க முடியாமல் தடுமாறுகின்றன. கோப்புறை உருவான பிறகு கண்ட்ரோல் பேனலில் User Accounts பகுதிக்குள் பெயரை மாற்றினால் நுழைவுத் திரையில் காட்டப்படும் பெயர் மட்டுமே மாறும், கோப்புறை மாறாது. எங்கள் திரையில் எல்லோருடைய பெயரும் தமிழில்தான் இருக்கிறது. விசைப்பலகையும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே அமையும் என்பதால் மகள் தமிழ் 99 விசைப்பலகையை வைத்துக்கொண்டிருக்கிறாள். முன்பு ஒரே கணக்கில் ஆளுக்கு ஒரு விசைப்பலகையை மாற்றி மாற்றி வைத்துவிட்டுப் போவதால் வந்த தொல்லைகள் கேட்காமலே தீர்ந்தன.

உலாவி விதிகளுக்கு வருவோம். குரோமில் மறைநிலைச் சாளரத்தை நிறுத்துவதும் கூகுளின் பாதுகாப்பான தேடலைக் கட்டாயமாக்குவதும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் எழுதப்படும் கொள்கைகளால் நடக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் அவற்றைக் கணினி முழுமைக்குமான HKLM பகுதியில் எழுதச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் பெற்றோர் உட்பட எல்லோருக்கும் அது பொருந்திவிடும். மகளின் கணக்குக்கு மட்டும் வேண்டுமென்றால், அவள் ஒருமுறையாவது நுழைந்து கோப்புறை உருவான பிறகு, அவள் வெளியேறியிருக்கும் நேரத்தில், நிர்வாகியாக இதைச் செய்யலாம்:

```
reg load HKU\Magal C:\Users\Magal\NTUSER.DAT
reg add HKU\Magal\Software\Policies\Google\Chrome /v IncognitoModeAvailability /t REG_DWORD /d 1 /f
reg add HKU\Magal\Software\Policies\Google\Chrome /v ForceGoogleSafeSearch /t REG_DWORD /d 1 /f
reg unload HKU\Magal
```

முதல் வரி அவளுடைய அமைப்புகள் அடங்கிய கோப்பைத் தற்காலிகமாக ஏற்றுகிறது, கடைசி வரி இறக்குகிறது. அந்தக் கோப்பை வேறு ஏதோ பயன்படுத்துகிறது என்று பிழை வந்தால், அவள் வெளியேறாமல் பயனரை மட்டும் மாற்றியிருக்கிறாள், அவளுடைய அமர்வு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். Policies என்ற அந்தக் கிளை அவளுடைய அமைப்புகளுக்குள்ளேயே இருந்தாலும், சாதாரணக் கணக்கு அதைப் படிக்கலாமே தவிர மாற்ற முடியாது. நிர்வாகி அதிகாரம் இருந்தால் மாற்றிவிடலாம். தொடக்கத்தில் அதிகாரத்தைப் பிரித்ததன் பயன் இங்கே வெளிப்படுகிறது. விதி ஏறிவிட்டதா என்பதை அவளுடைய குரோமில் `chrome://policy` என்று இட்டுப் பார்க்கலாம். எட்ஜுக்கும் இதே முறையில் Software\Policies\Microsoft\Edge என்ற கிளையில் InPrivateModeAvailability என்ற பெயரில் 1 என எழுத வேண்டும். அது கணினியோடு வரும் உலாவி, அதை விட்டுவிட்டால் ஒரு கதவைப் பூட்டிவிட்டு அடுத்ததைத் திறந்து வைத்ததாகிவிடும். விதிகள் ஏறிய பிறகு குரோமின் பட்டியில் இந்த உலாவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற வரி தோன்றும். அது யார் என்று மகள் கேட்டாள். “நானும் அப்பாவும்தான்” என்றேன்.

எங்கள் அமைப்பிலேயே பலருக்கும் தெரியாமல் திறந்து கிடக்கும் இடம் டி டிரைவ். நம் ஊரில் கணினி வாங்கினால் கடையிலேயே வட்டை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முக்கியமானவற்றை டி டிரைவில் வைக்கும்படி சொல்லியும் அனுப்புகிறார்கள். விண்டோஸ் மறுபடி நிறுவ நேர்ந்தால் கோப்புகள் தப்பும் என்பது அதன் நியாயம். ஆனால் கணக்குகளுக்கு இடையிலான சுவர் C:\Users கோப்புறைகளுக்கு மட்டுமே தானாக எழுகிறது. மற்ற டிரைவ்களில், இயல்பிருப்பாக, கணினியில் நுழைந்த எந்தப் பயனரும் எதையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஐந்து கணக்குகளைக் கவனமாக உருவாக்கிவிட்டு, வருமான வரிக் கோப்புகளையும் சொத்துப் பத்திரங்களின் படிகளையும் டி டிரைவில் வைத்திருந்தால், மூன்றாம் வகுப்புப் பையன் ஒரு கோப்புறையை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. நிர்வாகியாக இந்த ஒரு வரியை இட்டால் அக்கோப்புறை Amma என்ற என் கணக்குக்கும் நிர்வாகிக்கும் SYSTEM எனப்படும் இயங்குதளத்துக்கும் மட்டுமே உரியதாகிவிடும்:

```
icacls D:\Amma /inheritance:r /grant:r Amma:(OI)(CI)F Administrators:(OI)(CI)F SYSTEM:(OI)(CI)F
```

மேலிருந்து வழிவழியாக வந்த அனுமதிகளை இது நீக்கிவிட்டு, குறிப்பிட்ட மூவருக்கு மட்டும் முழு உரிமை தருகிறது. மகனின் கணக்கில் நுழைந்து அந்தக் கோப்புறையைச் சொடுக்கிப் பாருங்கள். அனுமதி இல்லை என்று வர வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டிய குடும்பப் புகைப்படங்களுக்கு C:\Users\Public இருக்கிறது. அதிலும் பிள்ளைகள் அழிக்க முடியும் என்பதால், மூலப் படிகளை வேறு இடத்தில் வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் அங்கே போடுங்கள்.

இந்த ஏற்பாடுகள் எதைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணக் கணக்கு என்றால் எந்த நிரலையும் நிறுவ முடியாது என்று பலர் நம்புகிறார்கள். கணினி முழுமைக்கும் நிறுவ முடியாது என்பதே சரி. பல நிரல்கள் தம்மைப் பயனரின் சொந்தக் கோப்புறையில், AppData என்ற மறைக்கப்பட்ட பகுதிக்குள் நிறுவிக்கொள்கின்றன. அதற்கு நிர்வாகி அனுமதியே வேண்டாம். குரோமை நிறுவும்போது அனுமதி மறுக்கப்பட்டால்கூட, இந்தப் பயனருக்கு மட்டும் நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும். விளையாட்டுகளிலும் அரட்டைச் செயலிகளிலும் இந்த வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆகவே மகள் நான் விதி எழுதாத மூன்றாவது உலாவி ஒன்றை நிறுவினால் என் இரண்டு விதிகளும் அங்கே செல்லாது. மகனின் கணக்கிலோ, புதிதாக வந்த செயலியை ஃபேமிலி சேஃப்டியின் பட்டியலில் கண்டு தடுக்க முடியும். மகளின் உள்ளகக் கணக்கைப் பொறுத்தவரை, நிர்வாகிக் கணக்கில் நுழைந்து C:\Users\Magal\AppData\Local கோப்புறையையும் அதற்குள் இருக்கும் Programs கோப்புறையையும் பார்த்தால் என்னென்ன நிறுவப்பட்டிருக்கின்றன என்பது தெரியும். அவளுக்குத் தெரியாமல் நான் அதைப் பார்ப்பதில்லை.

மகளின் உலாவி எதுவானாலும் ஓரளவு தாங்கும் அடித்தளமாக, தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற பெயர்த் தேடலை வடிகட்டும் சேவை ஒன்றைக் கணினியின் பிணைய அமைப்பில் வைத்திருக்கிறோம். கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் தொடங்கிய குடும்பச் சேவையில், தீநிரல் தளங்களோடு பாலியல் தளங்களையும் தடுக்கும் முகவரிகள் `1.1.1.3`, `1.0.0.3` என்பவை. பிணைய அமைப்பைச் சாதாரணக் கணக்கால் மாற்ற முடியாது. நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 முகவரியும் சேர்ந்தே வருவதால் அதற்குரிய `2606:4700:4700::1113`, `2606:4700:4700::1003` என்ற முகவரிகளையும் இட வேண்டும். அதை விட்டுவிட்டால் தேடல்கள் அந்தப் பக்கமாகப் போய்விடும், வடிகட்டல் சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாதது போலத் தோன்றும். உலாவியின் அமைப்புகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறு சேவையைத் தேர்ந்துவிட்டாலும் இது பயனற்றுப்போகும். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் திறந்து இணைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: முகவரியை வைஃபை இணைப்புகளில் ஒன்றுக்கு மட்டும் இட்டிருந்தால் புதிய இணைப்புக்கு அது பொருந்தாது.

அனுமதி கேட்கும் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கு ஒரு நிரல் வேண்டும் என்று மகள் கூப்பிடுவாள். அவள் கணக்கிலேயே பெட்டி திறந்து Veedu கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அவசரத்தில் இட்டுவிடாமல், Verified publisher என்ற வரியில் யார் பெயர் இருக்கிறது என்று படித்த பிறகே இடுகிறேன். அப்படி அனுமதித்து ஓடும் நிறுவி Veedu பயனராக இயங்குவதால், எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்ற தேர்வைக் குறிக்காவிட்டால் நிரல் நிர்வாகியின் கோப்புறைக்குள் போய் அமர்ந்துவிடும். மகளின் கணக்கில் தேடினால் கிடைக்காது. நிறுவினோம், ஆனால் காணவில்லை என்று வரும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அண்மையில் அவள் பைத்தான் படிக்கத் தொடங்கியபோது தனக்கும் நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்று கேட்டாள். நிரல் எழுதுகிறவர்களுக்கு அது கட்டாயம் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பைத்தானின் நிறுவி, பயனரின் சொந்தக் கோப்புறையில் நிர்வாகி அனுமதி இல்லாமலே அமைந்துகொள்ளக்கூடியது. கூடுதல் தொகுப்புகளையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். நான் மூட முடியாமல் விட்ட அதே AppData வழியாக அவளே அதை நிறுவிக்கொண்டாள். என் கடவுச்சொல் தேவைப்படவில்லை. கணினி முழுமைக்கும் மாற்றம் கேட்கும் கருவி ஏதாவது தேவைப்பட்டால் அப்போது உட்கார்ந்து பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.